பாதியில் வெட்டுப்படும் பதில்: எழுத்து வரம்பு எப்படி வேலை செய்கிறது, விடையை ஏன் முதலில் வைக்க வேண்டும்

"பதிலை அனுப்பிவிட்டேன், அவர்தான் சரியாகப் படிக்கவில்லை" என்று அனுப்பியவர் சொல்வார். "நீங்கள் சொன்னபடிதான் செய்தேன்" என்று பெற்றவர் சொல்வார். பல சமயம் இருவர் சொல்வதும் உண்மை. எழுதப்பட்ட பதிலும் படிக்கப்பட்ட பதிலும் ஒன்றல்ல. நடுவில் ஓர் எழுத்து வரம்பு இருந்தது. அது வாக்கியத்தின் வாலை வெட்டிவிட்டது.

இதைப் பற்றிப் பேசும்போது "சுருக்கமாக எழுதுங்கள், முக்கியமானதை முதலில் சொல்லுங்கள்" என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் அரைகுறை. வரம்பு எதை எண்ணுகிறது, கத்தி எங்கே விழுகிறது என்று தெரியாமல் சுருக்கினால், 43 எழுத்துள்ள ஒரு வரிகூட 70 என்ற வரம்பைத் தாண்டிவிடும். அது எப்படி என்று கீழே எண்ணியே பார்ப்போம். தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் ஆம், இல்லை என்ற முடிவு கடைசியில்தான் வரும். வெட்டுவதும் கடைசியைத்தான்.

## கிளம்பிவிட்ட ரயிலும் கட்டம் போட்ட படிவமும்

ரயில் நகரத் தொடங்கிவிட்டது. ஜன்னலோரம் இருப்பவர் கேட்கிறார்: "சாவி எங்கே?" பிளாட்பாரத்தில் நிற்பவர், "நேற்று ராத்திரி அலமாரியைத் துடைத்தேன் இல்லையா, அப்போது..." என்று ஆரம்பித்தால் சாவி இருக்கும் இடம் காதில் விழாது. "சாவி மேசை இழுப்பறையில்!" என்று முதலில் கத்திவிட்டு, மூச்சு இருந்தால் கதையைச் சொல்லலாம். எந்த நொடியில் குரல் எட்டாமல் போகும் என்று சொல்பவருக்குத் தெரியாது. அதனால் விடை முதலில் போக வேண்டும்.

இரண்டாவது ஒப்பீடு, பெயர் எழுதக் கட்டம் போட்ட படிவம். இருபது கட்டம் இருந்தால் இருபத்தோராவது எழுத்துக்கு இடமில்லை. கையால் எழுதுகிறவர் கட்டம் தீரப்போவதைப் பார்த்துச் சுருக்கிக்கொள்வார். கணினிக்கு அந்தப் பார்வை கிடையாது. அது கட்டம் தீரும்வரை நிரப்பும், மிச்சத்தைக் கீழே போட்டுவிடும். சொல் முடிந்ததா, வாக்கியம் முடிந்ததா என்று பார்க்காது. இப்படி வரம்பைத் தாண்டிய பகுதியை நீக்குவதைத்தான் இந்தக் கட்டுரையில் வெட்டு என்கிறோம்.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. ஈய எழுத்தில் பக்கம் கட்டிய காலத்தில் இடம் போதாவிட்டால் செய்தியின் கடைசிப் பத்தியைத் தூக்கிவிடுவார்கள். அதனால் முக்கியமானது மேலே, விவரம் கீழே என்று எழுதும் தலைகீழ்ப் பிரமிடு முறை அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பக்கம் கட்டுகிறவர் முழுப் பத்தியாக எடுப்பார், எடுத்த இடத்தில் வாக்கியம் முடிந்திருக்கும். நம் பதிலை வெட்டும் இயந்திரம் சொல்லின் நடுவில், சில சமயம் எழுத்தின் நடுவிலேயே வெட்டும்.

## வெட்டு இரண்டு வகை

முதல் வகை, காட்சி வெட்டு. முழுப் பதிலும் பத்திரமாக இருக்கிறது, திரையில் இடமில்லாததால் ஒரு பகுதி மட்டும் தெரிகிறது. அறிவிப்புப் பட்டையில் வரும் முதல் வரி, மின்னஞ்சல் பட்டியலில் தெரியும் பொருள் வரி எல்லாம் இந்த வகை. பெரும்பாலும் முடிவில் மூன்று புள்ளி இருக்கும். தொட்டுத் திறந்தால் மீதி கிடைக்கும்.

இரண்டாவது வகை, சேமிப்பு வெட்டு. அனுப்பும்போதோ, பதிந்து வைக்கும்போதோ மீதி தூக்கி எறியப்பட்டுவிட்டது. எங்கே தொட்டாலும் வராது. இதில் மூன்று புள்ளிகூட இருக்காது, ஏனென்றால் வெட்டிய இடத்தில் குறி வைக்க வேண்டும் என்று யாரும் அந்த நிரலில் எழுதியிருக்க மாட்டார்கள். வலைப்படிவங்களில் `maxlength` என்ற அளவு வைக்கப்பட்ட பெட்டியில் நீண்ட பதிலை ஒட்டிப் பாருங்கள். அளவுக்கு மேல் உள்ளது சத்தமில்லாமல் காணாமல் போகும். தட்டச்சு செய்தால் விரல் நின்றுவிடும், தெரிந்துவிடும். ஒட்டும்போது தெரியாது.

காட்சி வெட்டு ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. அறிவிப்பில் தெரிந்த வரியே விடை மாதிரி இருந்தால், திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

## வரம்பு எதை எண்ணுகிறது?

குழப்பம் தொடங்குவது இங்கேதான். "எழுத்து வரம்பு 70" என்றால் நாம் அ, ஆ, க, கா என்று எண்ணுகிறோம். இயந்திரம் அப்படி எண்ணுவதில்லை.

ஒருங்குறி என்பது எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் பொது முறை. அதில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு தனி எண் உண்டு. அதைக் குறியெண் என்று வைத்துக்கொள்வோம். "க" என்பதற்கு ஒரு குறியெண். "கா" என்பதற்கு இரண்டு: க ஒன்று, துணைக்கால் ஒன்று. "க்" என்பதற்கும் இரண்டு: க ஒன்று, புள்ளி ஒன்று. அதாவது அகரமேறிய மெய்க்கும் தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும்தான் ஒன்று. புள்ளி வைத்த எழுத்தும் மற்ற உயிர்மெய்களும் இரண்டிரண்டு இடம் பிடிக்கும்.

"வேண்டும்" என்ற சொல்லைப் பாருங்கள். நம் கணக்கில் வே, ண், டு, ம் என்று நான்கு எழுத்து. இயந்திரக் கணக்கில் எட்டுக் குறியெண்.

அதற்கும் கீழே ஒரு கணக்கு உண்டு. குறியெண்ணைச் சேமிக்கத் தேவைப்படும் இடத்தை பைட் என்ற அளவால் சொல்வார்கள். இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் பிடிக்கும். ஆக "வேண்டும்" 4 எழுத்து, 8 குறியெண், 24 பைட். மூன்று எண்ணும் சரி. உங்கள் முன்னால் உள்ள வரம்பு எந்த எண்ணைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

பைத்தான் நிரல்மொழி கையில் இருந்தால் நேரே பார்க்கலாம்:

```python
s = "வேண்டும்"
print(len(s))                   # 8
print(len(s.encode("utf-8")))   # 24
```

சுருக்கமாக: கண் எழுத்தை எண்ணுகிறது, பெரும்பாலான வரம்புகள் குறியெண்ணை எண்ணுகின்றன, சில சேமிப்பிடங்கள் பைட்டை எண்ணுகின்றன. தமிழில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் எண் பெருகும்.

## குறுஞ்செய்தியின் 70 எங்கிருந்து வந்தது?

எஸ்.எம்.எஸ். வரம்பை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தெளிவாகப் புரியும். ஒரு குறுஞ்செய்தியில் உரைக்கு உள்ள இடம் 140 பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் வீதம் மொத்தம் 1120 பிட். ஆங்கில எழுத்துகளுக்கு ஏழு பிட் போதும் என்பதால் 1120-ஐ 7-ஆல் வகுத்து 160 என்ற பிரபலமான எண் வந்தது. தமிழ் அந்த ஏழு பிட் அட்டவணையில் இல்லை. அதனால் ஒரு குறியெண்ணுக்கு இரண்டு பைட் கொடுக்கும் முறைக்கு மாற வேண்டும். 140-ஐ 2-ஆல் வகுத்தால் 70.

இந்த மாற்றம் செய்தி முழுவதற்கும் சேர்த்து நடக்கும். 150 ஆங்கில எழுத்துள்ள செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தால் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு வந்துவிடும். அலங்கார மேற்கோள் குறி ஒன்று புகுந்தாலும் இதே கதை. சாதாரண எமோஜி ஒன்றுக்கு 70-ல் இரண்டு இடம் போகும்.

70-ஐத் தாண்டினால் இன்றைய கைபேசிகள் செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பி, மறுமுனையில் சேர்த்துக் காட்டும். ஆனால் எந்தத் துண்டு எத்தனையாவது என்று சொல்லும் முகவரிச் சீட்டுக்கு ஒவ்வொரு துண்டிலும் ஆறு பைட் போய்விடும். மிச்சம் 134 பைட், அதாவது 67 குறியெண். எனவே 71 குறியெண் உள்ள செய்தி 70-லும் 1-லுமாகப் பிரியாது, 67-லும் 4-லுமாகப் பிரியும். ஒரு துண்டு மட்டும் அனுப்பும்படி அமைத்த தானியங்கி முறைகளில் இந்தச் சேர்ப்பு வேலையே கிடையாது. 70-ல் கத்தி விழும்.

## ஒரு பதிலை எண்ணிப் பார்ப்போம்

கேள்வி இது: "கருவியின் மென்பொருள் புதுப்பிப்பு 80 சதவீதத்தில் நிற்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி போடலாமா?"

பதிலளிப்பவர் சுருக்கமாகவே எழுதுகிறார். வணக்கம், நன்றி எதுவும் இல்லை:

> புதுப்பிப்பு 80 சதவீதத்தில் நிற்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது

நல்ல தமிழ், தெளிவான விடை. இடைவெளிகளையும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 43. வரம்பு 70 என்றால் ஏராளமாக இடம் இருக்கிறது என்றுதான் தோன்றும்.

இயந்திரம் எண்ணுவது இப்படி: "புதுப்பிப்பு" 12, "80" 2, "சதவீதத்தில்" 11, "நிற்கும்போது" 12, "மின்சாரத்தைத்" 13, "துண்டிக்கக்" 11, "கூடாது" 6. இடைவெளி ஆறு. மொத்தம் 73. வரம்பை மூன்றே மூன்று தாண்டுகிறது.

```python
s = "புதுப்பிப்பு 80 சதவீதத்தில் நிற்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது"
print(len(s))   # 73
print(s[:70])
```

பெறுபவர் கையில் கிடைப்பது:

> புதுப்பிப்பு 80 சதவீதத்தில் நிற்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் கூட

"கூடாது" என்பதில் டகரத்தின் துணைக்காலும் "து" என்ற எழுத்தும் போய்விட்டன. மிஞ்சியது "கூட". அது தமிழில் முழுச் சொல். "துண்டிக்கக்கூட..." என்று படித்தால் அடுத்து "செய்யலாம்" என்று வரப்போகிறது போலவே இருக்கிறது. மூன்று குறி போனதில் தடை கரைந்துவிட்டது. செய்தி இரண்டு துண்டாகப் பிரிந்து முதல் துண்டு மட்டும் வந்து சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 67-ஆவது இடம் "துண்டிக்கக்" என்பதற்குப் பின்னால் உள்ள இடைவெளி. "கூடாது" முழுவதும் இரண்டாம் துண்டில் இருக்கிறது.

இப்போது அதே பதிலைத் திருப்பிப் போடுவோம்:

> மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். 80 சதவீதத்தில் 30 நிமிடம் வரை நிற்கும்.

முதல் வாக்கியம் முற்றுப்புள்ளியோடு 32 குறியெண். இரண்டாவதையும் சேர்த்தால் 72. இதுவும் வரம்பைத் தாண்டுகிறது, இதுவும் வெட்டுப்படும். ஆனால் போவது "நிற்கும்" என்பதன் மேலுள்ள புள்ளியும் முற்றுப்புள்ளியும் மட்டும். "நிற்கும" என்று முடிந்தால் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டு படித்துவிடுவார்கள். வெட்டு பத்து இடம் முன்னால் விழுந்திருந்தாலும் காரணம்தான் குறைந்திருக்கும், விடை அப்படியே இருந்திருக்கும்.

கவனியுங்கள், பதில் குறுகவில்லை. முன்னது 73, இது 72. காப்பாற்றியது வரிசைதான்.

## தமிழில் முடிவு ஏன் வாலில் இருக்கிறது

வினை நடுவில் வரும் மொழிகளில் "இல்லை" என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே தலைகாட்டிவிடும், வால் போனாலும் தலை பேசும். தமிழில் செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், காரணம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் வினை வரும். அந்த வினையிலும் பிற்பகுதியில்தான் எதிர்மறை வரும். "செய்யலாம்", "செய்யக் கூடாது", "செய்ய வேண்டும்", "செய்ய வேண்டாம்" எல்லாம் "செய்ய" வரை ஒன்றுதான்.

இதனால் மூன்று இடத்தில் பொருள் தலைகீழாகும்.

முதலாவது, எதிர்மறை உதிர்வது. "கடவுச்சொல் தேவையில்லை" என்பதில் "தேவையில்லை" பத்துக் குறியெண். அதில் நான்காவது இடத்தில் வெட்டு விழுந்தால் கிடைப்பது "கடவுச்சொல் தேவை". பிழை போலவே தெரியாது, முழு வாக்கியம் மாதிரி நிற்கும். "சரியில்லை" வெட்டுப்பட்டு "சரி" ஆகலாம். "அனுமதி இல்லை" என்பது "அனுமதி" ஆகலாம். அரைகுறையாகத் தெரியும் வெட்டைவிட, முழுமையாகத் தெரியும் இந்த வெட்டுதான் பயப்பட வேண்டியது.

இரண்டாவது, "என்று" போட்டு அடுத்தவர் கருத்தை மறுப்பது. "இந்தக் கோப்பை நீக்கினால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று பலர் நினைப்பது தவறு" என்று எழுதுகிறோம். மறுப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. "என்று பலர்" வரை வந்து நின்றால், மறுக்க வந்த கருத்தையே நாம் பரப்பியதாக ஆகிவிடும். வரம்பு இருக்கும் இடத்தில் தவறான கருத்தை மேற்கோள் காட்டித் தொடங்கவே கூடாது. "கோப்பை நீக்காதீர்கள்" என்று தொடங்கிவிட்டு, பிறகு வேண்டுமானால் மற்றவர் கருத்துக்கு வரலாம்.

மூன்றாவது, எச்சச் சங்கிலி. "அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, பழைய சாதனத்தை நீக்கி, மறுபடி உள்நுழைந்து" என்று வினையெச்சமாகப் போய்க்கொண்டே இருக்கும் வாக்கியம். எங்கே வெட்டினாலும் முற்றுவினை இருக்காது. இதைச் செய்யச் சொல்கிறார்களா, செய்தால் என்ன ஆகும் என்கிறார்களா என்று தெரியாது. ஒவ்வொரு படியையும் தனி வாக்கியமாக முடித்தால், வெட்டுக்கு முன்னால் உள்ள படிகளாவது உருப்படியாகக் கிடைக்கும்.

"முக்கியமானதை முதலில் வை" என்ற அறிவுரை ஏன் தமிழில் போதவில்லை என்பது இப்போது தெரியும். மேலே எண்ணிய முதல் பதிலில் முக்கியமான சொற்களெல்லாம் முன்னால்தான் இருந்தன: புதுப்பிப்பு, 80 சதவீதம், மின்சாரம். பேசுபொருள் முதலில் வந்தது, விடை முதலில் வரவில்லை. விடையை முதலில் வைப்பது என்றால், விடையின் வினைமுற்று முதலில் முடிந்துவிட வேண்டும். அதற்கு ஒரே வழி, விடையைத் தனிக் குறுவாக்கியமாக்கி முற்றுப்புள்ளி வைப்பது.

## முதல் வாக்கியத்தை எப்படிக் கட்டுவது

முதல் வாக்கியம், பதில் போகக்கூடிய இடங்களிலேயே சிறிய வரம்பில் பாதிக்குள் அடங்க வேண்டும். 70 என்றால் 35 குறியெண். தமிழில் அது மூன்று நான்கு சொல். பாதி என்பது விதியல்ல, பாதுகாப்புக்கு விடும் இடைவெளி. அனுப்பும் முறை முன்னால் பெயரையோ குறிப்பு எண்ணையோ தானாகச் சேர்த்தால் அதற்கும் இடம் வேண்டுமே.

வெறும் "வேண்டாம்", "ஆம்" என்று தொடங்குவது குறுகியதுதான், "வேண்டாம்." முற்றுப்புள்ளியோடு ஒன்பதே குறியெண். ஆனால் கேள்வியைப் பார்க்காமல் பதிலை மட்டும் பார்ப்பவருக்கு எது வேண்டாம் என்று புரியாது. ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். வினையைத் திரும்பச் சொல்லுங்கள்: "துண்டிக்காதீர்கள்." இது 18.

முகமன் எவ்வளவு தின்கிறது என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. "வணக்கம், தங்கள் கேள்விக்கு நன்றி." என்ற ஒற்றை வரி 33 குறியெண். 70-ல் கிட்டத்தட்ட பாதி. மரியாதை வேண்டாம் என்பதல்ல. "துண்டிக்காதீர்கள்" என்பதில் "-ஈர்கள்" என்ற விகுதியே மரியாதையைச் சுமக்கிறது. நன்றியைக் கடைசியில் வையுங்கள். வெட்டுப்பட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லாத சொல் அது. வால் என்பது இழக்கத் தயாராக இருப்பதை வைக்கும் இடம்.

விடைக்குப் பிறகு எது? அடுத்து செய்ய வேண்டிய செயல், அதன் பிறகு காலக்கெடு அல்லது அளவு, அதன் பிறகு காரணம். காரணம்தான் நீளமானது, அதைத்தான் எழுதுகிறவர் மிகவும் ரசித்து எழுதுவார். அதனாலேயே அது பின்னால் இருப்பது நல்லது.

எண்ணுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "1500" என்பதில் கடைசிச் சுழியம் போனால் "150". சொல் உடைந்தால் கண்ணில் படும், எண் உடைந்தால் படாது. எண்ணை அலகில்லாமல் வரியின் கடைசியில் விடாதீர்கள். "1500 மி.லி." என்று எழுதும் பழக்கம் இருந்தால், அலகைக் காணோமே என்ற சந்தேகமாவது பெறுபவருக்கு வரும். இணைய முகவரியும் இப்படித்தான். வால் போன முகவரி நீல நிறத்தில் தொடக்கூடியதாகவே தெரியும், தொட்டால் வேறெங்கோ போகும். அதை விடைக்கு அடுத்தாற்போல் வையுங்கள்.

இந்தப் பகுதியில் சொன்னது இவ்வளவுதான்: முதலில் முற்றுப்புள்ளியோடு விடை, பிறகு செயல், பிறகு அளவு, பிறகு காரணம், கடைசியில் முகமன்.

## விடை முதலில் வந்தும் கெடுக்கும் இடம்

நிபந்தனையுள்ள விடை. "கருவியை அணைக்கலாம். ஆனால் பச்சை விளக்கு எரிந்தால் மட்டும்." விடை முதலில் இருக்கிறது, சொன்ன முறைப்படிதான் இருக்கிறது. வெட்டு விழுந்தால் மிஞ்சுவது "கருவியை அணைக்கலாம்." முற்றுப்புள்ளிகூட இருக்கும். நிபந்தனை இல்லாத அனுமதியாக அது மாறிவிட்டது.

இங்கே தமிழின் இயல்பான வரிசை உதவிக்கு வருகிறது. "பச்சை விளக்கு எரிந்தால் மட்டும் அணைக்கலாம்." இது 43 குறியெண். நடுவில் வெட்டுப்பட்டாலும் "பச்சை விளக்கு எரிந்தால்" என்று அந்தரத்தில் நிற்கும், முடியவில்லை என்பது தெரியும். தவறான அனுமதி பிறக்காது. அவ்வளவு இடமும் இல்லையென்றால், எது மிஞ்சினால் குறைவான கேடோ அதை முதலில் வையுங்கள்: "இப்போது அணைக்காதீர்கள். பச்சை விளக்கு வரட்டும்." தேவையில்லாமல் காத்திருப்பது, தெரியாமல் அணைத்துவிடுவதைவிட மேல்.

"பொதுவாக", "பெரும்பாலும்" என்ற சொற்களையும் இப்படியே பாருங்கள். அவை விடையின் முன்னால் ஒட்டியிருந்தால் பிழைக்கும். "விதிவிலக்கும் உண்டு" என்று தனி வாக்கியமாகப் பின்னால் தொங்கினால் முதலில் போவது அதுதான்.

## வெட்டு விழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது

பெறுபவர் பக்கத்தில் முதல் அறிகுறி, முற்றுப்புள்ளியும் இல்லை, மூன்று புள்ளியும் இல்லை. புள்ளியே வைக்காமல் எழுதுகிறவர்களும் இருப்பதால் இது மட்டும் போதாது. கடைசிச் சொல்லைப் பாருங்கள். புள்ளி இழந்த மெய்யோடு முடிந்தால், அதாவது "நிற்கும", "வேண்டும" என்றிருந்தால், பெரும்பாலும் குறியெண் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போல � என்று ஒரு குறி இருந்தால், பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். மூன்று பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் தப்பி, அது எந்த எழுத்து என்று தெரியாமல் திரை விழிக்கிறது.

"கொ" போன்ற எழுத்துகளில் இன்னொரு வேடிக்கை. கொம்பையும் காலையும் ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், பிரித்து இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பிரித்து வைத்த உரையில் நடுவே வெட்டு விழுந்தால் "கொ" என்பது "கெ" ஆகிவிடும்.

அனுப்புபவர் பக்கத்தில் நம்பகமான சோதனை நீளத்தை ஒப்பிடுவது. வந்து சேர்ந்த பதில்கள் பலவற்றை எடுத்து நீளத்தை எண்ணுங்கள். பல பதில்கள் சரியாக 70-ல், 160-ல், 255-ல் நின்றால் அது தற்செயல் அல்ல. தமிழ்ப் பதில்கள் மட்டும் 85-ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ நின்று, ஆங்கிலப் பதில்கள் 255 வரை போனால், எங்கோ 255 பைட் வரம்பு இருக்கிறது என்று பொருள். 255-ஐ 3-ஆல் வகுத்தால் 85. இடைவெளிக்கும் இலக்கத்துக்கும் ஒரு பைட்தான் என்பதால் உண்மையான எண் கொஞ்சம் கூடும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் `TINYTEXT` என்ற வகைக்கு இதே 255 பைட் வரம்புதான். கண்டிப்பு முறை இயங்கினால் நீண்ட பதிலை ஏற்க மறுத்துப் பிழை காட்டும். அது அணைக்கப்பட்டிருந்தால் வெட்டிச் சேமித்துவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் தரும், அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

முறையை அமைப்பவர் கையில் இருப்பது இரண்டு மாற்றம். குறியெண் எண்ணிக்கையில் வெட்டாமல், வரம்புக்குள் அடங்கும் கடைசி முற்றுப்புள்ளியில் வெட்டச் சொல்லலாம். வெட்டிய இடத்தில் "…" வைக்கச் சொல்லலாம், அந்தக் குறிக்கும் ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

எழுதுகிறவருக்கு ஒரு கைச்சோதனை போதும். பதிலை எழுதி முடித்ததும் கடைசிச் சொல்லை உள்ளங்கையால் மறைத்துப் படியுங்கள். பிறகு கடைசி இரண்டு சொல், பிறகு மூன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிஞ்சிய வரி, நீங்கள் சொல்ல வந்ததற்கு எதிராகப் பேசுகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைவாகப் பேசினால் பரவாயில்லை. எதிராகப் பேசும் இடம் ஒன்று கிடைத்தால், அந்த இடத்துக்கு முன்னால் ஒரு முற்றுப்புள்ளி தேவைப்படுகிறது.